ஒரு கிலோ சத்து என்ன விலை, ஒரு செடி என்ன விலை: உரக்கடையில் விலை ஒப்பிடும் முறை

கடையில் இரண்டு மூட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டும் 50 கிலோ, இரண்டும் தழைச்சத்து உரம். ஒன்று அம்மோனியம் சல்பேட், விலை 462. மற்றொன்று யூரியா, விலை 690. புதிதாகப் பயிர் வைக்கிறவரின் கை 462 பக்கம்தான் போகும். என் முதல் பருவத்தில் நானும் அதைத்தான் வாங்கினேன். மேலுரம் இடுகிற நாள் வந்து, எத்தனை கிலோ தேவை என்று உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான், விலை குறைந்த மூட்டையை இரண்டு மடங்குக்கும் மேல் வாங்க வேண்டியிருக்கிறது என்பது தெரிந்தது.

அந்தக் கணக்கைக் கடைக்குப் போகும் முன்பே போட்டுவிடலாம். கைப்பேசியில் உள்ள கால்குலேட்டர் போதும். இங்கே வரும் விலைகள் எல்லாம் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கடையில் கேட்ட விலையை அந்த இடத்தில் போட்டால் முறை அப்படியே பொருந்தும்.

மூட்டை மேல் இருக்கும் மூன்று எண்கள்

உர மூட்டையில் 46-0-0 என்றோ 17-17-17 என்றோ போட்டிருப்பார்கள். முதல் எண் தழைச்சத்து, அடுத்தது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து. மூன்றும் எடையில் சதவீதம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்றால், 50 கிலோ மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அம்மோனியம் சல்பேட்டில் 21 சதவீதம், அதாவது மூட்டைக்கு 10.5 கிலோ.

இனி வகுத்துப் பாருங்கள். 690-ஐ 23-ஆல் வகுத்தால் 30. 462-ஐ 10.5-ஆல் வகுத்தால் 44. யூரியாவில் ஒரு கிலோ தழைச்சத்து 30-க்குக் கிடைக்கிறது, அம்மோனியம் சல்பேட்டில் அதே ஒரு கிலோவுக்கு 44 கொடுக்கிறோம். இந்தக் கட்டுரையின் உரப் பகுதி முழுவதும் இந்த ஒரு வகுத்தலை வைத்துத்தான் நடக்கிறது:

```
ஒரு கிலோ சத்தின் விலை = மூட்டை விலை ÷ (மூட்டை எடை × சத்து % ÷ 100)
```

வகுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, மூட்டை எடை. எல்லா மூட்டையும் 50 கிலோ இல்லை. 45, 40, 25 என்று பல எடைகளில் வருகின்றன. ஒரு கடையில் 50 கிலோவுக்கும் அடுத்த கடையில் 45 கிலோவுக்கும் விலை சொன்னால், வெறும் மூட்டை விலையை ஒப்பிட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

இரண்டாவது, அந்த எண் எதை அளக்கிறது என்பது. பெரும்பாலான நாடுகளில் மணிச்சத்தை P₂O₅ என்ற வடிவிலும் சாம்பல்சத்தை K₂O என்ற வடிவிலும் கணக்கிட்டு அச்சடிக்கிறார்கள். சில நாடுகளில் வெறும் P, வெறும் K என்று தனிம அளவையே போடுகிறார்கள். தனிம அளவை P₂O₅ ஆக்க 2.29-ஆல் பெருக்க வேண்டும், K₂O ஆக்க 1.2-ஆல் பெருக்க வேண்டும். தனிம முறையில் 9 சதவீதம் என்று எழுதிய மூட்டையில் மற்ற முறைப்படி 20.6 சதவீதம் இருக்கிறது. இறக்குமதி உரத்தையும் உள்ளூர் உரத்தையும் ஒப்பிடும்போது இந்த வித்தியாசம் ஆளை ஏமாற்றிவிடும். மண் பரிசோதனை அட்டையில் வந்த பரிந்துரை எந்த வடிவில் இருக்கிறது என்பதையும் இதே மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சத்து கலந்திருந்தால்

யூரியாவில் ஒரே சத்து, அதனால் கணக்கு சுலபம். டிஏபி 18-46-0. அதில் தழைச்சத்தும் இருக்கிறது, மணிச்சத்தும் இருக்கிறது. கொடுத்த பணத்தை இரண்டுக்கும் எப்படிப் பிரிப்பது? 18-ஐயும் 46-ஐயும் கூட்டி 64 சதவீதம் சத்து என்று சில பேர் வகுப்பார்கள். அது சரியில்லை. ஒரு கிலோ தழைச்சத்தும் ஒரு கிலோ மணிச்சத்தும் ஒரே விலைக்கு விற்பதில்லை, பயிருக்குச் செய்கிற வேலையும் ஒன்றில்லை.

சரியான வழி கழிப்பது. தழைச்சத்தை யூரியாவாக வாங்கினால் கிலோ 30 என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். டிஏபி மூட்டை 50 கிலோ, விலை 1420 என்று வைத்துக்கொள்வோம். அதில் 9 கிலோ தழைச்சத்து இருக்கிறது, அதன் மதிப்பு 270. மீதி 1150. அந்த மீதிப் பணம்தான் 23 கிலோ மணிச்சத்துக்கு நாம் கொடுப்பது. வகுத்தால் கிலோ 50.

இதையே சூப்பர் பாஸ்பேட்டோடு வைத்துப் பாருங்கள். அதில் 16 சதவீதம் மணிச்சத்து, 50 கிலோ மூட்டையில் 8 கிலோ. மூட்டை விலை 360 என்றால் மணிச்சத்து கிலோ 45. அதோடு 11 சதவீதம் அளவுக்குக் கந்தகமும் சேர்ந்து வருகிறது. கடையில் பார்க்கும்போது டிஏபி சத்து நிறைந்த உரமாகத் தெரியும், சூப்பர் பாஸ்பேட் மட்டமான உரமாகத் தெரியும். இந்த விலையில் சூப்பர் பாஸ்பேட்தான் மலிவு.

ஆனால் கடையில் மட்டும். 23 கிலோ மணிச்சத்து ஒரு டிஏபி மூட்டையில் அடங்கிவிடும், சூப்பர் பாஸ்பேட்டில் அதற்குக் கிட்டத்தட்ட மூன்று மூட்டை வேண்டும். மூன்றையும் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், வயலில் இட வேண்டும். வண்டி வாடகையும் சுமைக்கூலியும் மூட்டைக்கு இவ்வளவு என்று விலையோடு சேர்த்த பிறகுதான் வகுக்க வேண்டும். இதைக் கீழே ஒரு முழுக் கணக்கில் பார்க்கலாம்.

பொட்டாஷ் 60 சதவீதம். 50 கிலோ மூட்டை 1050 என்றால் சாம்பல்சத்து கிலோ 35. இப்போது மூன்று சத்துக்கும் நம் கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது: தழைச்சத்து 30, மணிச்சத்து 50, சாம்பல்சத்து 35. மணிச்சத்துக்கு டிஏபி விலையை எடுத்துக்கொண்டேன், பல சத்து ஒன்றாகக் கலந்த காம்ப்ளக்ஸ் உரம் வாங்குகிற ஆள் பெரும்பாலும் அதற்கு மாற்றாகத்தான் டிஏபியை நினைப்பார் என்பதால்.

இந்த அளவுகோலைக் காம்ப்ளக்ஸ் மேல் வைத்துப் பாருங்கள். 17-17-17 மூட்டையில் ஒவ்வொரு சத்தும் 8.5 கிலோ. அதன் மதிப்பு 8.5 × 30, 8.5 × 50, 8.5 × 35 மூன்றையும் கூட்டினால் 977.50. கடைக்காரர் 1150 சொன்னால், தனித்தனியாக வாங்குவதைவிட 172.50 அதிகம் கொடுக்கிறோம். அந்த 172.50 வீண் என்று நான் சொல்லவில்லை. எல்லாச் சத்தும் ஒரே குருணையில் இருக்கிறது, ஒரே தடவையில் இட்டுவிடலாம், கலக்கும் வேலை இல்லை. அந்த வசதிக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு கடையிலும் இதே மாதிரி அளவுகோல் போட்டுப் பாருங்கள். ஒரு கடையில் யூரியா மலிவாகவும் டிஏபி விலை கூடுதலாகவும் இருக்கும், அடுத்த கடையில் அதற்கு நேர்மாறாக இருக்கும். நான் ஒரு சிறிய நோட்டில் உரத்தின் பெயர், எண்கள், எடை, விலை, நாள் ஆகிய ஐந்தையும் எழுதிக்கொள்கிறேன். கிலோ சத்து விலையை ஆறாவது பத்தியில் பென்சிலில் போடுவேன். நாள் எழுதுவது முக்கியம், பருவம் தொடங்கியதும் விலை ஏறிவிடும். போன மாதம் ஒரு கடையில் கேட்ட விலையை இன்று வேறொரு கடையில் கேட்ட விலையோடு ஒப்பிடுவது சரியாக வராது.

ஒரு ஹெக்டேருக்கு முழுக் கணக்கு

மண் பரிசோதனைப்படி ஒரு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, 60 கிலோ மணிச்சத்து, 60 கிலோ சாம்பல்சத்து தேவை என்று வைத்துக்கொள்வோம். இதை மூன்று வழியில் வாங்கலாம்.

முதல் வழி டிஏபி, யூரியா, பொட்டாஷ். எப்போதும் மணிச்சத்திலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் டிஏபி போட்டால் தழைச்சத்தும் கூடவே வந்துவிடும். 60 கிலோ மணிச்சத்துக்கு 130.4 கிலோ டிஏபி. அதனுடன் 23.5 கிலோ தழைச்சத்து வருகிறது. மீதி 96.5 கிலோ தழைச்சத்துக்கு 209.8 கிலோ யூரியா. சாம்பல்சத்துக்கு 100 கிலோ பொட்டாஷ். விலை 3703, 2895, 2100. மொத்தம் 8698.

இரண்டாவது வழி 17-17-17 காம்ப்ளக்ஸும் யூரியாவும். 353 கிலோ காம்ப்ளக்ஸ் போட்டால் மூன்று சத்தும் 60 கிலோ வந்துவிடும். தழைச்சத்தில் இன்னும் 60 கிலோ குறை, அதற்கு 130.4 கிலோ யூரியா. மொத்தம் 9917. முதல் வழியைவிட 1219 அதிகம். மேலே ஒரு மூட்டைக்கு 172.50 என்று பார்த்தோமே, அதையே 7 மூட்டைக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட இதே தொகைதான் வருகிறது. இப்படி இரண்டு பக்கமிருந்தும் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம், எங்காவது தவறாகப் பெருக்கியிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி சூப்பர் பாஸ்பேட், யூரியா, பொட்டாஷ். 375 கிலோ சூப்பர் பாஸ்பேட் 2700, 261 கிலோ யூரியா 3600, பொட்டாஷ் 2100. மொத்தம் 8400. இதுதான் மிகக் குறைவு, 41 கிலோ கந்தகமும் சேர்ந்து கிடைக்கிறது.

இனி வண்டி வாடகை. மூன்றாவது வழியில் ஏறத்தாழ 736 கிலோ சுமை, முதல் வழியில் 440 கிலோ. மூட்டைக்கு 30 செலவு என்றால் மூன்றாவது வழி 8841, முதல் வழி 8962. சூப்பர் பாஸ்பேட் இன்னும் மலிவாகத்தான் இருக்கிறது, ஆனால் வித்தியாசம் சுருங்கிவிட்டது. மூட்டைக்கு 50 ஆனால் இரண்டும் சமம். அதற்கு மேல் போனால் டிஏபி மலிவு. ஆக, கடை பக்கத்தில் இருக்கிறவருக்கு ஒரு விடையும் தொலைவிலிருந்து ஏற்றி வருகிறவருக்கு வேறொரு விடையும் வரும். பக்கத்து வயல்காரர் சொன்னார் என்று வாங்காமல் நீங்களே போட்டுப் பார்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

நடைமுறையில் கால் மூட்டை, அரை மூட்டை கிடைக்காது. முதல் வழியில் டிஏபி மூன்று மூட்டை, யூரியா ஐந்து மூட்டை என்று முழுதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். மிச்சத்தை ஈரம் படாமல் வைத்து அடுத்த பயிருக்கு இட முடியும் என்றால் அது நட்டமில்லை. வைக்க இடமில்லை, யூரியா கட்டியாகி விடும் என்றால் அதையும் செலவில் சேருங்கள்.

தேவையில்லாத சத்தின் மதிப்பு பூஜ்யம்

மேலே உள்ள கணக்கு எல்லாச் சத்தும் வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போட்டது. மண் பரிசோதனையில் மணிச்சத்து போதுமான அளவு இருக்கிறது, 30 கிலோ இட்டால் போதும் என்று வந்தால் என்ன ஆகும்? முதல் வழியில் டிஏபியைப் பாதியாகக் குறைத்து யூரியாவைக் கொஞ்சம் கூட்டிவிடலாம். காம்ப்ளக்ஸில் அது முடியாது. சாம்பல்சத்து 60 கிலோ வேண்டுமென்று 353 கிலோ போட்டால் மணிச்சத்தும் 60 கிலோ போய்ச் சேரும். வேண்டாத 30 கிலோவுக்கு நம் அளவுகோல்படி 1500 மண்ணில் முடங்குகிறது.

அதனால் உரத்தின் மதிப்பைக் கூட்டும்போது உங்கள் மண்ணுக்குத் தேவையான சத்தை மட்டும் சேருங்கள். அம்மோனியம் சல்பேட்டுக்கும் இதே விதிதான், ஆனால் அங்கே அது எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. அந்த 462 மூட்டையில் 10.5 கிலோ தழைச்சத்தின் மதிப்பு யூரியா விலைப்படி 315. மீதி 147-க்கு 12 கிலோ கந்தகம் கிடைக்கிறது, கிலோ 12.25. உங்கள் மண்ணில் கந்தகம் குறைவு, பயிரோ கடுகு, நிலக்கடலை, வெங்காயம் மாதிரி கந்தகம் அதிகம் கேட்கிற பயிர் என்றால் அது நல்ல விலை. கந்தகம் தேவையில்லை என்றால் அந்த 147 அதிகப்படி.

யூரியா பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெயில் நேரத்தில் ஈர மண்ணின் மேல் தூவி அப்படியே விட்டுவிட்டால் தழைச்சத்தில் ஒரு பங்கு அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். மண்ணில் கலந்துவிட்டால் அல்லது இட்ட உடனே நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி உள்ளே இறக்கிவிட்டால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். கலக்க வழியே இல்லாத வயலில் 20 சதவீதம் போகிறது என்று வைத்தால், பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்தின் விலை 30 இல்லை, 30-ஐ 0.8-ஆல் வகுத்து 37.50. அப்போதும் 44-ஐவிடக் குறைவுதான், ஆனால் முதலில் தெரிந்த அளவு மலிவில்லை.

எண் ஒன்றாக இருந்தாலும் ஒப்பிடக் கூடாதவை

மணிச்சத்தில் மொத்த அளவு என்றும், பயிருக்குக் கிடைக்கும் அளவு என்றும் இரண்டு உண்டு. பாறை பாஸ்பேட்டில் மொத்த மணிச்சத்து 20 சதவீதத்துக்கும் மேல் இருக்கும், விலையும் குறைவு. கிலோ கணக்குப் போட்டால் எல்லாவற்றையும் தோற்கடித்துவிடும். ஆனால் அது தண்ணீரில் கரைவதில்லை. புளிப்பு மண்ணில் மெதுவாகக் கரைந்து வேலை செய்யும், சுண்ணாம்பு மண்ணில் பல பருவங்கள் ஆனாலும் பயிருக்குப் பெரிதாகக் கிடைக்காது. மூட்டையில் ‘நீரில் கரையும்’ என்று தனியாக ஒரு சதவீதம் போட்டிருந்தால், குறுகிய காலப் பயிருக்கு அந்த எண்ணை வைத்தே வகுங்கள்.

சாம்பல்சத்திலும் இரண்டு வகை. சாதாரண பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது. பெரும்பாலான தானியப் பயிர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. புகையிலை மாதிரி குளோரைடு ஆகாத பயிருக்கு சல்பேட் ஆஃப் பொட்டாஷ்தான் போட வேண்டும், அது விலை கூடுதலாக இருந்தாலும். அங்கே இரண்டையும் ஒப்பிடுவதற்கே இடமில்லை.

திரவ உரம் லிட்டர் விலையில் விற்கும். சதவீதம் எடையில் போட்டிருந்தால் ஒரு லிட்டரின் எடையைக் கேட்டு வாங்குங்கள். 32 சதவீதத் தழைச்சத்துத் திரவத்தில் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.32 கிலோ எடை, அதனால் லிட்டருக்கு 0.42 கிலோ தழைச்சத்து இருக்கிறது. எடையைச் சேர்க்காமல் 0.32 என்று போட்டால் அந்த உரத்தைத் தேவையில்லாமல் விலை கூடியதாக நினைத்து ஒதுக்கிவிடுவோம். சொட்டுநீரில் விடுகிற 19-19-19 மாதிரி முழுவதும் கரையும் உரங்கள் கிலோ சத்துக்கு எப்போதும் பல மடங்கு விலையாகத்தான் வரும். குழாய் அடைக்காமல் இருப்பதற்கு அந்த விலை. வயலில் தூவுவதற்கு அதை வாங்காதீர்கள்.

அப்புறம், மூட்டைக்குள் எழுதியதுதான் இருக்கிறதா என்ற கேள்வி. ஒரு மூட்டையையாவது கடையில் தராசில் வைக்கச் சொல்லுங்கள். எந்திரத் தையல் பிரிந்து கையால் மறுபடி தைத்த மூட்டையை வாங்காதீர்கள். யூரியாவை ஒரு கரண்டி எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் முழுவதும் கரைந்துவிடும், டம்ளரைத் தொட்டால் சில்லென்று இருக்கும். அடியில் மணலோ மாவோ தங்கினால் அதில் வேறு எதோ கலந்திருக்கிறது. டிஏபி குருணை சிலவற்றை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்துத் தேய்த்தால் அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். நெடியே வரவில்லை என்றால் அது டிஏபியாக இருக்க முடியாது. கையைக் கழுவிவிடுங்கள். இந்தச் சோதனைகள் முழுப் போலியையும் மணல் கலந்ததையும் காட்டிக்கொடுக்கும். 46-க்குப் பதில் 44 சதவீதம் இருந்தால் காட்டாது, அதற்கு ஆய்வகம்தான் வழி.

விதை: கிலோ விலையிலிருந்து செடி விலைக்கு

உரத்தில் கிலோ சத்து எப்படியோ, விதையில் முளைத்து நிற்கும் ஒரு செடி அப்படி. விதைப் பையின் விலையை எடையால் வகுப்பதில் அர்த்தமே இல்லை, நமக்கு வேண்டியது செடிகளின் எண்ணிக்கை.

இதற்கு மூன்று தகவல் வேண்டும். ஆயிரம் விதையின் எடை, சுத்தம் எத்தனை சதவீதம், முளைப்புத்திறன் எத்தனை சதவீதம். பின் இரண்டும் பையில் ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கும். ஆயிரம் விதை எடை சில பைகளில் இருக்கும். இல்லாவிட்டால் நூறு விதையை எண்ணி நிறுத்துப் பத்தால் பெருக்குங்கள். மூன்று தடவை எண்ணி சராசரி எடுத்தால் நல்லது.

ஒரே மக்காச்சோள வீரிய ரகம், இரண்டு கடையில் இரண்டு பை, இரண்டும் 4 கிலோ. முதல் கடையில் விலை 1000, அங்கே இருப்பது பெரிய விதை, ஆயிரம் விதை 320 கிராம். சுத்தம் 98, முளைப்பு 85. இரண்டாவது கடையில் விலை 1300, விதை சிறியது, ஆயிரம் 250 கிராம். சுத்தம் 99, முளைப்பு 92.

முதல் பையில் 12,500 விதை. அதில் சுத்தமானது 12,250, அதில் முளைப்பது 10,412. இரண்டாவது பையில் 16,000 விதை, சுத்தமானது 15,840, முளைப்பது 14,573. ஆயிரம் செடிக்கு முதல் பையில் 96, இரண்டாவது பையில் 89. பை விலை 300 கூடுதலாக இருந்தும் இரண்டாவதுதான் மலிவு. 60க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 66,700 செடி நிற்க வேண்டும். முதல் கடையில் ஏழு பை வாங்க வேண்டும், 7000. இரண்டாவது கடையில் ஐந்து பை, 6500.

அட்டையில் போட்ட முளைப்புத்திறன் சோதனை செய்த நாளுக்கு உரியது. அந்த நாளும் அட்டையில் இருக்கும், அதைப் படியுங்கள். சோதனை நடந்து மாதக்கணக்கில் ஆகி, பைகள் தகரக் கூரைக்கு அடியில் வெக்கையில் கிடந்திருந்தால் 92 என்பது இப்போது 92 ஆக இருக்காது. சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு பை வாங்கி நீங்களே சோதித்துவிட்டு மீதியை வாங்கலாம். ஈரத் துணியில் நூறு விதையை ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, காயாமல் நிழலில் வையுங்கள். மக்காச்சோளத்துக்கு ஏழாம் நாள் பிரித்து எண்ண வேண்டும். வேரும் தண்டும் இரண்டுமே நன்றாக வந்ததை மட்டும் எண்ணுங்கள். வேர் மட்டும் எட்டிப் பார்த்து நின்றுபோனது, தண்டு முறுக்கிக்கொண்டது, அழுகியது இவை எதுவும் வயலில் செடியாகாது.

நூறு விதை வைத்துச் செய்த சோதனையில் ஒரு பை 88, இன்னொன்று 85 என்று வந்தால் அதை வித்தியாசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த நூறில் அது மாறி வரும். விதை ஆய்வகத்திலேயே நூறு நூறாக நான்கு தடவை, மொத்தம் 400 விதை வைத்துத்தான் முடிவு சொல்கிறார்கள். 90-க்கும் 70-க்கும் உள்ள இடைவெளி என்றால் நூறே போதும், கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ரகம் வேறானால் விளைச்சலைக் கொண்டு வாருங்கள்

ஒரே ரகத்தை ஒப்பிட செடி விலை போதும். வீரிய விதையா சாதாரண ரகமா என்று வரும்போது போதாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை மீட்க எத்தனை கிலோ கூடுதலாக விளைய வேண்டும் என்பது.

ஹெக்டேருக்கு வீரிய விதை 6500, சாதாரண ரக விதை 1500 என்று வையுங்கள். வித்தியாசம் 5000. தானியம் கிலோ 20-க்கு விற்கிறது, ஆனால் அறுவடை, அடித்தல், காயவைத்தல், ஏற்றுக்கூலி எல்லாம் கிலோவுக்கு 4 போகிறது. கையில் நிற்பது 16. ஆக 5000-ஐ 16-ஆல் வகுத்து, 313 கிலோ கூடுதலாக விளைந்தால் விதைப் பணம் திரும்பும். 20-ஆல் வகுத்து 250 கிலோ போதும் என்று நினைப்பதுதான் இங்கே பலரும் செய்கிற தவறு. வீரிய ரகம் கூடுதல் உரமும் கேட்டு அதற்கு 1500 ஆனால், மீட்க வேண்டிய தொகை 6500, அப்போது 406 கிலோ. வீரிய ரகத்தில் விளைந்ததை எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் அதே குணம் வராது, அதனால் இந்தச் செலவு ஒவ்வொரு பருவமும் உண்டு. சாதாரண ரகத்தில் சொந்த விதை வைத்துக்கொள்ளலாம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பையில் அச்சடித்திருக்கும் விளைச்சலை இந்தக் கணக்கில் போடாதீர்கள். அது நல்ல மண், நல்ல தண்ணீர், முழுப் பராமரிப்பு எல்லாம் கூடிய இடத்தில் கிடைக்கும் அளவு. உங்கள் வயலைப் போன்ற நிலத்தில் நடந்த ரகச் சோதனை முடிவுகள் கிடைத்தால் பல வருட எண்களைப் பாருங்கள், அதிலும் மழை குறைந்த வருடத்தில் இரண்டு ரகத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்தது என்று பாருங்கள். நல்ல வருடத்தில் 900 கிலோ கூடுதல், மோசமான வருடத்தில் 150 கிலோ கூடுதல் என்றால், அந்த மோசமான வருடத்தில் 406 கிலோ வராது, நட்டம்தான். தண்ணீர் நிச்சயம் உள்ள வயலுக்கு அந்த விதை சரி, வானம் பார்த்த நிலத்துக்கு யோசிக்க வேண்டும்.

இதைவிட நம்பகமான எண் உங்கள் வயலிலேயே கிடைக்கும். ஒரே நிலத்தில் இரண்டு ரகத்தையும் பட்டை பட்டையாக மாற்றி மாற்றி விதையுங்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று பட்டையாவது இருக்கட்டும். வரப்போரப் பட்டையை விட்டுவிட்டு மற்றவற்றைத் தனித்தனியாக அறுத்து நிறுக்க வேண்டும். நிறுக்கும்போது ஈரப்பதத்தையும் அளந்துகொள்ளுங்கள். தாமதமாக முதிர்கிற ரகம் அறுவடை அன்று ஈரம் கூடுதலாக இருக்கும், தராசில் அதுவும் விளைச்சலாகவே தெரியும். 20 சதவீத ஈரத்தில் 1000 கிலோ நிற்கிற தானியம் 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 930 கிலோதான். இரண்டு ரகத்தையும் ஒரே ஈரத்துக்குக் கொண்டு வந்து கழித்துப் பார்த்து, அந்த வித்தியாசம் 406-க்கு மேலே நிற்கிறதா என்று பாருங்கள்.